முப்பது குறிகளுக்குள் ஒரு வாக்குறுதி

இத்தொடரின் சென்ற பகுதி, தேடல் விளம்பரத்தின் விலை ஏலத்தில் எவ்வாறு முடிவாகிறது என்பதை ஆராய்ந்தது. ஏலத்தில் வென்று கிடைக்கும் அந்தச் சிறிய இடத்தில் என்ன எழுதுவது என்ற கேள்வியை இப்பகுதி எடுத்துக்கொள்கிறது. கூகுள் போன்ற தேடுபொறியில் ஒருவர் ‘பிளம்பர் வேளச்சேரி’ என்று தட்டச்சு செய்தவுடன், வழக்கமான விடைகளுக்கு மேலே விளம்பரம் என்ற அடையாளத்தோடு தோன்றும் சில வரிகளே தேடல் விளம்பரம் எனப்படுகின்றன. படமோ இசையோ அதன் இயல்பான துணைகள் அல்ல. பெரும்பாலும் சொற்கள் மட்டுமே அதன் கருவி. விளம்பரம் கண்ணில் படுவதற்குக் கட்டணம் இல்லை, அதன்மீது விரல் பட்டு அது திறக்கும்போதுதான் கட்டணம் விழுகிறது என்பதால், தவறான வாடிக்கையாளரை அழைத்து வரும் ஒவ்வொரு சொல்லும் விளம்பரதாரரின் பணத்தையே செலவழிக்கிறது.

இந்த வரிகளுக்கு அளவு உண்டு. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஆட்வேர்ட்ஸ்’ என்ற பெயரில் கூகுள் இச்சேவையைத் தொடங்கியபோது நிலைபெற்ற வடிவம், 25 குறிகளுக்கான இடங்கள் கொண்ட ஒரு தலைப்பும் 35 இடங்கள் கொண்ட இரண்டு வரிகளுமாக நெடுங்காலம் நீடித்தது. 2016இல் அது தலா 30 இடங்கள் கொண்ட இரு தலைப்புகளாகவும் 80 இடங்கள் கொண்ட ஒரு விளக்க வரியாகவும் விரிந்தது. 2018இல் மூன்றாவது தலைப்பும் இரண்டாவது விளக்க வரியும் சேர்ந்து, விளக்க வரியின் அளவு 90 ஆயிற்று. 2022 ஜூன் 30க்குப் பிறகு அந்த நிலையான வடிவில் புதிய விளம்பரம் எழுத இயலாது. இப்போது விளம்பரதாரர் 15 தலைப்புகள் வரையிலும் 4 விளக்க வரிகள் வரையிலும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க, எந்தத் தலைப்பை எதனோடு சேர்த்துக் காட்டுவது என்பதைத் தேடுபொறியே ஒவ்வொரு தேடலின்போதும் முடிவு செய்கிறது. பொதுவாக மூன்று தலைப்புகள் வரையிலும் இரண்டு விளக்க வரிகள் வரையிலும் திரையில் தோன்றும். குறுகிய கைப்பேசித் திரையில் அதனினும் குறைவாகவே தோன்றலாம். இவ்வாறு எழுதியவர் ஒருவராகவும் கோப்பவர் வேறொருவராகவும் ஆகிவிட்டதன் விளைவு, பின்னர் பார்க்கப்படுவதுபோல, மிகவும் ஆழமானது.

எடுத்துக்காட்டுக்காக, சென்னையின் தென்பகுதியில் வேளச்சேரி, மடிப்பாக்கம், ஆதம்பாக்கம் ஆகிய மூன்று வட்டாரங்களில் நான்கு பிளம்பர்களை வைத்து நடத்தப்படும் ஒரு கற்பனைச் சேவையை எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளரிடம் விளம்பரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டால், இத்தகைய தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் விடையே கிடைக்கும்: சிறந்த சேவை, அனுபவமுள்ள ஆட்கள், நியாயமான விலை, 24 மணி நேரமும் கிடைப்பது, எல்லாவித வேலைகளும், உத்தரவாதம். இவை அனைத்தும் 30 இடங்களுக்குள் அடங்காது என்பது உண்மைதான். ஆனால் இடம் போதாமை இங்கே நோய் அல்ல, நோயின் அறிகுறி. எதை வாக்களிப்பது என்று தொழில் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதே உண்மையான குறை. ‘சிறந்த பிளம்பிங் சேவை’ என்ற தலைப்பு இருபத்தோரு இடங்களிலேயே அடங்கிவிடுகிறது. அளவு விதியை அது மீறவில்லை, ஆயினும் அது எதையும் வாக்களிக்கவில்லை. ஒரு சொற்றொடர் வாக்குறுதியா இல்லையா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வேலை முடிந்த பின், அந்த வாக்கு காக்கப்பட்டதா மீறப்பட்டதா என்பதை வாடிக்கையாளர் கடிகாரத்தையோ ரசீதையோ பார்த்து, யாருடைய கருத்தையும் கேளாமல் சொல்லிவிட முடிய வேண்டும். ‘சிறந்த’ என்பதை எந்தக் கடிகாரமும் அளப்பதில்லை.

இச்சோதனையில் தேறக்கூடிய வாக்குகள் பிளம்பிங் தொழிலில் மிகச் சிலவே. குறிப்பிட்ட நேரத்துக்குள் வருவது ஒன்று. வேலையைத் தொடங்கும் முன்பே முழுத் தொகையையும் சொல்லிவிட்டு அதற்கு மேல் வாங்காதிருப்பது இன்னொன்று. அதே பழுது குறிப்பிட்ட நாட்களுக்குள் திரும்பினால் கட்டணமின்றிச் சரிசெய்வது மூன்றாவது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தேடுபவரின் நிலையே தீர்மானிக்கிறது. குளியலறையைப் புதுப்பிக்க எண்ணி நிதானமாக விசாரிப்பவருக்கு விலையுறுதியே பெரிது. மாடித் தொட்டியின் வால்வு உடைந்து தண்ணீர் சுவர் வழியே இறங்கிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கோ, ஆள் எப்போது வருவார் என்பதைத் தவிர வேறெதுவும் அந்த நேரத்தில் மனத்தில் நிற்பதில்லை. இரண்டு நிலைகளுக்கும் ஒரே விளம்பரத்தை எழுதுவது இரண்டையும் கெடுக்கும். தேடற்சொற்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அதற்குரிய ஒரு வாக்கை மட்டும் எழுதுவதே முறை. இங்கே அவசரப் பழுதுக் குழுவுக்கான விளம்பரம் மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. எனவே வாக்குறுதி நேரத்தைப் பற்றியதாகிறது.

எவ்வளவு நேரம் என்பதை ஆசையைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. பதிவேட்டைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். அழைப்பு வந்த நேரமும் பிளம்பர் வாசலில் நின்ற நேரமும் எழுதப்பட்ட அண்மைய 40 வேலைகளை உரிமையாளர் எடுத்துப் பார்க்கிறார் என்று கொள்ளலாம். அவற்றில் மாலை 4 மணிக்கு முன் வந்த அழைப்புகள் 28. அவற்றுள் மிகத் தாமதமானதே 55 நிமிடம். நான்கு மணிக்குப் பின் வந்தவை 12. அவற்றுள் நான்கு அழைப்புகளில் ஒரு மணி நேரம் கடந்துவிட்டது, மிகத் தாமதமானது 85 நிமிடம். இந்தப் பதிவேட்டின் சராசரியைக் கணக்கிட்டால் மனநிறைவு தரும் ஓர் எண் கிடைக்கும். ஆனால் வாக்குறுதிக்குச் சராசரி பயன்படாது, ஏனெனில் சராசரியை வாக்காகக் கொடுத்தால் ஏறக்குறைய பாதி வாடிக்கையாளர்களிடம் வாக்குத் தவற நேரிடும். பார்க்க வேண்டியது மோசமான நாளின் எண்ணையே. அந்த எண், பகலுக்கு 60 நிமிடம் என்ற வாக்கைத் தாங்குகிறது. மாலை நெரிசலுக்குத் தாங்கவில்லை.

இனி எழுதும் வேலை. இயல்பாக மனத்தில் எழும் தமிழ்த் தொடர் இது: ‘60 நிமிடத்தில் பிளம்பர் வருவார்’. கண்ணால் எண்ணினால் எழுத்துகளும் இடைவெளிகளும் சேர்ந்து இருபதுதான். ஆனால் இத்தலைப்பு விளம்பரக் கணக்கின் பெட்டிக்குள் அடங்காது. அதற்குரிய காரணம், தமிழில் விளம்பரம் எழுதும் ஒவ்வொருவரும் முதல் நாளே அறிந்திருக்க வேண்டியது. கணினி தமிழைச் சேமிக்கும் ஒருங்குறி முறையில், அகர மெய் ஒரு குறியாகவும், அதன்மேல் ஏறும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகவும் இருக்கின்றன. ‘மி’ என்று கண் ஓர் எழுத்தாகக் காண்பதைக் கணினி மகரம் ஒன்று, இகரக்குறி ஒன்று என்று இரண்டாக எண்ணும். ‘ர்’ என்பதும் அவ்வாறே ரகரமும் புள்ளியுமாக இரண்டு. இம்முறையில் ‘நிமிடத்தில்’ என்ற சொல்லுக்கு 11, ‘பிளம்பர்’ என்பதற்கு 8, ‘வருவார்’ என்பதற்கு 7, எண்ணுக்கு 2, மூன்று இடைவெளிகளுக்கு 3 என, மொத்தம் 31 ஆகிறது. ஒரே ஒரு குறி அதிகம். ஆங்கில விளம்பரத்துக்கென்று வகுக்கப்பட்ட 30 என்ற எல்லை, தமிழில் பதினேழு முதல் இருபது எழுத்துகளாகச் சுருங்கிவிடுகிறது என்பதை இதிலிருந்து உணரலாம். காகிதத்தில் எண்ணி எழுதிக்கொண்டு வருவதைவிட, பெட்டியின் ஓரத்தில் ஓடும் எண்ணியையே இறுதிக் கணக்காகக் கொள்வது நல்லது.

ஒரு குறி மிகும்போது பலரும் முதலில் செய்வது சொல்லைச் சிதைப்பது. ‘60 நிமிட’ என்று நிறுத்தி அடுத்த சொல்லோடு ஒட்டுவார்கள், அல்லது ‘1 மணிக்குள் பிளம்பர்’ என்று மாற்றுவார்கள். பின்னது ஆபத்தானது: காலை 11 மணிக்கு அதைப் படிப்பவர், பகல் ஒரு மணிக்குள் ஆள் வருவார் என்று பொருள் கொள்ள முழு உரிமையும் உடையவர். சிதைப்பதற்குப் பதிலாக, தொடரில் எந்தச் சொல் வேலை செய்யவில்லை என்று கேட்பதே சரியான வழி. ‘வருவார்’ என்ற வினை இங்கே புதிதாக எதையும் சொல்லவில்லை. ‘60 நிமிடத்தில் பிளம்பர்’ என்றாலே வருகைதான் பேசப்படுகிறது என்பது தெளிவு, தமிழ்ப் பேச்சு வழக்கும் இத்தகைய வினையற்ற தொடரை இயல்பாக ஏற்கிறது. அவ்வினையை நீக்கினால் தலைப்பு 23 குறிகளுக்கு இறங்கி, 7 குறிகள் மிச்சமாகின்றன. அந்த 7 குறிகளைக் கொண்டு வாக்குறுதியில் இதுவரை இல்லாதிருந்த மிக முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடலாம். அறுபது நிமிடம் எப்போது தொடங்குகிறது? அழைத்த கணத்திலா, முகவரி அனுப்பிய பிறகா, பிளம்பர் முந்தைய வேலையை முடித்துப் புறப்பட்ட பிறகா? தாமதத்தைப் பற்றி எழும் சண்டைகளுக்கு இந்தத் தெளிவின்மையே இடம் தருகிறது. ‘அழைத்த’ என்ற சொல் ஆறு குறிகள், அதற்குப் பின்வரும் இடைவெளி ஒன்று:

‘அழைத்த 60 நிமிடத்தில் பிளம்பர்’

சரியாக 30. முதலில் எழுதிய தொடரைவிட ஒரு குறி குறைவு; வாக்கோ அதைவிடக் கறாரானது. அளவுக் கட்டுப்பாடு எழுதுபவருக்குச் செய்யும் உண்மையான உதவி இத்தகைய இடங்களில்தான் வெளிப்படுகிறது: எல்லை இல்லாதிருந்தால், வினை அப்படியே நின்றிருக்கும், கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்ற கேள்வியும் எழாமலே போயிருக்கும்.

வாக்கு தவறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்வது வாக்குக்கு எடை சேர்க்கும். இந்தச் சேவை, பிளம்பர் வந்து பார்ப்பதற்கென்று தனியாக வாங்கும் தொகையை, அதாவது வருகைக் கட்டணத்தை, தாமதமானால் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ‘தாமதமானால் வருகைக் கட்டணம் இல்லை’ என்பது 32 குறிகள், தலைப்பில் அடங்காது. இங்கே ‘வருகைக்’ என்ற சொல்லை வெட்டி ‘தாமதமானால் கட்டணம் இல்லை’ என்று சுருக்குவது மிக எளிது, அளவுக்குள்ளும் வந்துவிடும். ஆனால் அப்போது முழு வேலையுமே இலவசம் என்று வாக்களித்ததாகிவிடுகிறது. வினையை நீக்கியபோது பொருள் மாறவில்லை, இந்தப் பெயரடையை நீக்கினால் பொருளே மாறிவிடுகிறது. சுருக்குதலில் எந்தச் சொல்லைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்ற விவேகம் இதுதான். வாக்கின் வரம்பைக் குறிக்கும் சொல் நீங்கினால் விளம்பரம் பொய்யாகிறது, எழுதியவரின் எண்ணம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான எண்ணத்தை ஏற்படுத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. இட நெருக்கடியால் நேர்ந்த பிழை என்ற சமாதானம் வாசகரை ஏமாற்றியதை மாற்றிவிடாது.

ஆகவே அத்தொடர் 90 குறிகள் கொண்ட விளக்க வரிக்குச் செல்கிறது. முதல் முயற்சியில் வட்டாரப் பெயர்களையும் சேர்த்து, ‘வேளச்சேரி, மடிப்பாக்கம் பகுதிகளில் 60 நிமிடத்தில் வருவோம். தாமதமானால் வருகைக் கட்டணம் இல்லை.’ என்று எழுதினால் அது 92 ஆகிறது. மேலும் ஆதம்பாக்கம் விடுபட்டுப் போகிறது. ஊர்ப் பெயரைச் சுருக்க இயலாது, விடவும் மனம் வராது. இந்த இக்கட்டிலிருந்து மீளும் வழி சொல்லில் இல்லை, விளம்பரத்தின் அமைப்புகளில் இருக்கிறது. நேர வாக்கு ஒன்றுக்கு எப்போதும் இரண்டு நிபந்தனைகள் உண்டு: எங்கே, எப்போது. காகித விளம்பரத்தில் இவ்விரண்டையும் எழுதியே ஆக வேண்டும், ஏனெனில் அந்தத் தாள் எந்த ஊரில் எந்த நேரத்தில் படிக்கப்படும் என்பது எழுதியவர் கையில் இல்லை. தேடல் விளம்பரத்திலோ, எந்த வட்டாரத்தில் இருப்பவருக்குக் காட்டுவது என்பதையும், நாளின் எந்த மணிகளில் காட்டுவது என்பதையும் விளம்பரதாரரே குறித்துவைக்கலாம். வாக்கு செல்லாத இடத்திலும் நேரத்திலும் விளம்பரமே தோன்றாதபடி செய்துவிட்டால், ஒரு குறியும் செலவாகாமல் நிபந்தனைகளின் பெரும்பகுதி காக்கப்பட்டுவிடும்.

இட அமைப்பில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கூகுள் விளம்பரக் கணக்கில் இயல்பாக வைக்கப்பட்டிருக்கும் தெரிவு, குறித்த வட்டாரத்தில் இருப்பவர்களோடு அந்த வட்டாரத்தில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வேளச்சேரியைப் பற்றித் தேடுபவருக்கும் விளம்பரம் போய்ச் சேரக்கூடும் என்பது இதன் பொருள். உடனடியாக வருவதாகச் சொல்லும் வாக்குக்கு இது பொருந்தாது. அந்த வட்டாரத்தில் இருப்பவர்கள், அல்லது வழக்கமாக அங்கு வந்து செல்பவர்கள் என்ற தெரிவுக்கு மாற்றிவிட வேண்டும். நேர அமைப்பு ஒரு பிரசாரம் முழுவதற்கும் பொதுவானது. பிரசாரம் என்பது ஒரே செலவு வரம்பும் ஒரே இட, நேர அமைப்பும் கொண்ட விளம்பரத் தொகுதி. ஆகையால் காலை 7 முதல் மாலை 4 வரை ஒரு பிரசாரமாகவும், மாலை 4 முதல் இரவு 9 வரை இன்னொரு பிரசாரமாகவும் பிரித்து, மாலைப் பிரசாரத்தில் ‘90 நிமிடத்தில் பிளம்பர்’ என்று எழுதலாம். பதிவேட்டின் 85 நிமிடம் அதைத் தாங்கும். மாலையில் தொண்ணூறு நிமிடம் என்று வெளிப்படையாகச் சொல்வது வாடிக்கையாளரை விரட்டிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. வேளச்சேரி விஜயநகர் சந்திப்பின் மாலை நெரிசலை அறிந்தவர் எவரும் அந்த எண்ணை நம்புவார், அறுபது என்றால் ஐயுறுவார்.

ஊர்ப் பெயர்கள் வெளியேறியபின் பகல் விளம்பரத்தின் முதல் விளக்க வரி இவ்வாறு அமைகிறது:

‘அழைத்த 60 நிமிடத்தில் பிளம்பர் வருவார். தாமதமானால் வருகைக் கட்டணம் இல்லை. காலை 7-மாலை 4.’

இது 88 குறிகள். தலைப்பில் இடமின்றி நீக்கப்பட்ட வினை இங்கே இடம் பெற்று, தலைப்பு மட்டும் படித்தவருக்கும் விளக்க வரி மட்டும் படித்தவருக்கும் ஒரே வாக்கே கிடைக்கிறது. நேர அமைப்பு இருக்கும்போது மணிகளை எழுத வேண்டுமா என்று கேட்கலாம். மூன்றரை மணிக்கு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு அழைப்பவரும் உண்டு. அவருக்காகவே அந்த மணிகள் எழுதப்படுகின்றன. ஊர்ப் பெயர்களும் முற்றாக மறைந்துவிடவில்லை. இரண்டாம் தலைப்பாக வைக்கும் ‘வேளச்சேரி பிளம்பிங் சேவை’ 24 குறிகளில் அடங்குகிறது. மற்ற இரு வட்டாரங்களுக்கும் தனித்தனித் தலைப்புகளை எழுதி ஒரே குழுவில் கலந்துவிடலாகாது. ஆதம்பாக்கத்தில் இருப்பவருக்கு மடிப்பாக்கம் என்ற தலைப்பு தோன்றினால், தன் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்றே அவர் எண்ணுவார்.

கோக்கும் வேலை தேடுபொறியிடம் இருக்கிறது என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. அதன் விளைவை இப்போது எதிர்கொள்ளலாம். பதினைந்து பெட்டிகள் காலியாக இருப்பதைக் கண்டு, அவற்றை நிரப்பும் ஆவலில் ‘24 மணி நேர சேவை’ என்றும் ‘முதல் ஆலோசனை இலவசம்’ என்றும் தலைப்புகளைச் சேர்த்தால், ஒவ்வொன்றும் தனியே உண்மையாக இருக்கலாம்: தொலைபேசியை இரவிலும் எடுப்பதும், தொலைபேசியில் ஆலோசனைக்குப் பணம் வாங்காததும் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அவை இரண்டும் வாக்குறுதித் தலைப்புமாக மூன்றும் ஒரே வரிசையில் கோக்கப்பட்டால், நள்ளிரவிலும் அறுபது நிமிடத்தில் ஆள் வருவார், வந்து பார்ப்பது இலவசம் என்ற நான்காவது வாக்கு ஒன்று பிறந்துவிடுகிறது. அதை எவரும் எழுதவில்லை, ஆனால் வாடிக்கையாளர் அதைத்தான் படித்தார். எனவே ஒவ்வொரு தலைப்பையும் பிற எல்லாத் தலைப்புகளுக்கும் அருகில் வைத்துப் படித்துப் பார்க்காமல் சேர்த்தல் கூடாது.

இதற்குரிய கருவி, ஒரு தலைப்பைக் குறிப்பிட்ட இடத்தில் நிலைநிறுத்துதல் ஆகும். விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் இதைப் ‘பின்’ செய்தல் என்பார்கள். வாக்குறுதித் தலைப்பை முதல் இடத்திலும், மேற்கண்ட விளக்க வரியை முதல் விளக்க இடத்திலும் பின் செய்துவிட்டால், எந்தத் திரையிலும் எந்தக் கோவையிலும் வாக்கு முன்னே நிற்கும். மூன்றாம் தலைப்பும் இரண்டாம் விளக்க வரியும் பல வேளைகளில் தோன்றாமலே போகும் என்பதால், வாக்கையோ அதன் வரம்பையோ அங்கே வைக்கலாகாது. எந்த வேலைகளைச் செய்கிறார்கள் என்பது போன்ற, விடுபட்டாலும் பொருள் கெடாத செய்தியே அவ்விடங்களுக்கு உரியது. ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைப்புகளையும் பின் செய்யலாம். அவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றும். ‘அழைத்த 60 நிமிடத்தில் பிளம்பர்’ என்பதோடு, 26 குறிகள் கொண்ட ‘ஒரு மணி நேரத்தில் பிளம்பர்’ என்பதையும் வைத்தால், சொல் மாறினாலும் வாக்கு மாறாது. இவ்வாறு பின் செய்யும்போது, விளம்பரத்தின் வலிமையை மதிப்பிட்டுக் காட்டும் அளவுகோல் கீழிறங்கி, மேலும் தலைப்புகளைச் சேர்க்கவும் பின்களை நீக்கவும் கணக்கு அறிவுறுத்தும். கோவைகளின் எண்ணிக்கை குறைவதால் எழும் அறிவுரை அது. சேவை வாக்கைக் காக்கிறதா இல்லையா என்பது அந்த அளவுகோலுக்குத் தெரியாது. அந்த மதிப்பெண்ணுக்காக வாக்கைத் தளர்த்துவது, அற்ப லாபத்துக்காகத் தொழிலின் பெயரை அடகு வைப்பதாகும்.

எழுத்து விதிகள் சிலவற்றையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். தலைப்பில் ஆச்சரியக்குறி ஏற்கப்படுவதில்லை. தொலைபேசி எண்ணைத் தலைப்பிலோ விளக்க வரியிலோ எழுதினால் விளம்பரம் நிராகரிக்கப்படும், அதற்கென்று அழைப்பு இணைப்பு தனியே உண்டு. அவசர வேலைக்கு அந்த இணைப்பு இன்றியமையாதது, ஏனெனில் தரையில் தண்ணீர் நிற்கும்போது எவரும் இணையப் பக்கத்தை நிதானமாகப் படிப்பதில்லை.

விளம்பரம் ஓடத் தொடங்கிய பின் எதைப் பார்க்க வேண்டும்? தோன்றிய தடவைகளில் எத்தனை தடவை திறக்கப்பட்டது என்ற விகிதமே பெரும்பாலும் முதலில் கண்ணில் படும். அதை மட்டும் நம்புவது தவறு, ஏனெனில் வாக்கை மிகைப்படுத்தினாலே அந்த விகிதம் ஏறிவிடும். அதனினும் பயனுள்ளது, மக்கள் உண்மையில் தட்டச்சு செய்த சொற்களைக் காட்டும் அறிக்கை. ‘பிளம்பர் வேலைவாய்ப்பு’, ‘பிளம்பிங் பயிற்சி’, ‘பிளம்பர் சம்பளம்’ போன்ற தேடல்கள் அதில் தென்பட்டால், வேலை தேடுபவர்கள் விளம்பரத்தைத் திறந்துகொண்டிருக்கிறார்கள், சேவை அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அச்சொற்களை விலக்குச் சொற்களாகச் சேர்த்துவிட்டால் அத்தேடல்களுக்கு விளம்பரம் தோன்றாது. அழைப்புகள் வந்தும் முகவரிகள் வட்டாரத்துக்கு வெளியே இருந்தால், இட அமைப்பில் முன்பு சொன்ன தெரிவு மாற்றப்படவில்லை என்று ஊகிக்கலாம். திறப்பவர்கள் பலராகவும் அழைப்பவர்கள் சிலராகவும் இருந்தால், விளம்பரத்தில் படித்த அறுபது நிமிடத்தை அவர்கள் சென்று சேர்ந்த பக்கத்தில் காணவில்லை என்பதே முதலில் ஐயுற வேண்டியது. விளம்பரம் சொன்ன வாக்கு அதே சொற்களில், வருகைக் கட்டணத்தின் தொகையோடு, அந்தப் பக்கத்தின் மேற்பகுதியிலேயே இருக்க வேண்டும். எளிதில் காணக்கிடைக்காத சலுகையை விளம்பரப்படுத்துவது கூகுளின் விதிகளுக்கும் முரணானது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான அறிக்கை விளம்பரக் கணக்கில் கிடைப்பதில்லை. அது பழைய பதிவேடுதான். விளம்பரத்தால் அழைப்புகள் பெருகும்போது, நான்கு பிளம்பர்களைக் கொண்டு காக்க முடிந்த அறுபது நிமிடம் காக்க முடியாமற் போகக்கூடும், அதாவது விளம்பரத்தின் வெற்றியே வாக்கை முறிக்கக்கூடும். வாரந்தோறும் அழைப்பு நேரத்தையும் வருகை நேரத்தையும் ஒப்பிட்டு, மிகத் தாமதமான வருகை ஐம்பத்தைந்திலிருந்து அறுபதை நெருங்கத் தொடங்கினால், நாளொன்றுக்குரிய செலவு வரம்பைக் குறைத்து அழைப்புகளைக் குறைக்க வேண்டும், அல்லது இன்னொரு பிளம்பரைச் சேர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு இதுவும் போதாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியின் தெருக்களில் வெள்ளம் நின்றது. அத்தகைய நாளில் அடைப்புக்கும் கசிவுக்கும் தேடுவோர் பெருகுவார்கள், ஆனால் எந்த வண்டியும் அறுபது நிமிடத்தில் எங்கும் போய்ச் சேராது. அன்று காலையில் முதல் வேலையாகப் பகல் பிரசாரத்தை நிறுத்திவைக்க வேண்டும், அதை நிறுத்தும் பொறுப்பு யாருடையது என்பது மழை வருவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மழையில்லாத நாளிலும், நான்கு பிளம்பர்களும் வெளியே வேலையில் இருக்கும் நேரத்தில் தொலைபேசியை எடுப்பவர் அந்த நிறுத்தத்தைத் தானே செய்யக் கற்றிருக்க வேண்டும். ஏற்கெனவே விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அழைத்தவரிடம் உண்மையான நேரத்தைச் சொல்லி, வருகைக் கட்டணம் கிடையாது என்பதை அவர் கேட்பதற்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும்.